உங்கள் லேப்டாப்பில் ஓடும் ப்ராஜெக்ட், எக்ஸாமினரின் போனில் ஏன் ஓடவில்லை?

இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவா காலை 10 மணிக்கு. முந்தைய நாள் இரவு வரை இணைப்பு அருமையாக வேலை செய்தது. குழுவில் நான்கு பேரும் திறந்து பார்த்தாகிவிட்டது. மறுநாள் வெளித் தேர்வாளர் தன் போனில் அதே இணைப்பைத் தட்டுகிறார். வெள்ளைத் திரை. அரை நிமிடம் காத்திருக்கிறார், பிறகு "சரி, அடுத்த டீம் வரட்டும்" என்கிறார். நீங்கள் நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. அப்படியென்றால் என்னதான் நடந்தது?

பெரும்பாலும் நடப்பது இதுதான்: இலவச ஹோஸ்டிங் தூங்கிவிடும், அதோடு மறந்தும் விடும். இந்த இரண்டு குணங்களையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஏற்பாடு செய்தால், காசு செலவழிக்காமலேயே நம்பகமான இணைப்பைக் கொடுக்கலாம். எம்.சி.ஏ., பி.டெக். முடிக்கப் போகிறீர்களா? வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறீர்களா? வீட்டில் தம்பி, தங்கை யாராவது "அண்ணா, லிங்க் ஓபன் ஆகல" என்று நிற்கிறார்களா? இது உங்களுக்கானது.

எந்தத் தளம், ஏன்?

சீனியர்களின் பழைய ரிப்போர்ட்டுகளிலும் யூடியூப் வீடியோக்களிலும் 'ஹெரோக்கு' என்ற பெயர் இன்னும் வரும். அதன் இலவசத் திட்டம் 2022 நவம்பர் 28 அன்றே நிறுத்தப்பட்டது. அந்த வழிமுறைகளைப் பின்பற்றினால் பாதி வழியில் நிற்பீர்கள். கிட்ஹப் பேஜஸ் இலவசம்தான், ஆனால் அது எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை மட்டும் அப்படியே காட்டும். சர்வரில் பைதான் ஓட வேண்டும் என்றால் அது உதவாது.

இந்தக் கட்டுரைக்கு ரெண்டர் தளத்தின் இலவச வெப் சர்வீஸை எடுத்துக்கொள்வோம். 512 எம்பி ரேம், ஒரு சிபியுவில் பத்தில் ஒரு பங்கு. சிறிய ஃபிளாஸ்க் அல்லது ஜாங்கோ ப்ராஜெக்ட்டுக்கு இது தாராளம். இலவச வரம்புகள் அவ்வப்போது மாறும் என்பதால், தொடங்கும் நாளில் தளத்தின் விலைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓர் உதாரணத்தோடு போகலாம். நான்கு மாணவர்கள் சேர்ந்து விடுதிப் புகார் பதிவு ஒன்றைச் செய்திருக்கிறார்கள். மாணவர் உள்நுழைந்து, "மூன்றாம் மாடியில் தண்ணீர் வரவில்லை" என்று எழுதி, ஒரு புகைப்படத்தையும் ஏற்றலாம். வார்டன் அதைப் பார்த்து நிலையை மாற்றலாம். ஃபிளாஸ்க், எஸ்க்யூலைட், `app.py` என்ற ஒரே முதன்மைக் கோப்பு. வைவா ஏப்ரல் 10.

லேப்டாப்பில் ஓடியது சர்வரில் ஏன் நிற்கிறது?

முதலில் ஓர் எளிய தவறு. `http://127.0.0.1:5000` என்ற முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த முகவரிக்கு 'இந்தக் கருவியே' என்றுதான் பொருள். அனுப்பியவர் தட்டினால் அவருடைய லேப்டாப்பைத் தேடும், தேர்வாளர் தட்டினால் அவருடைய போனையே தேடும். ப்ராஜெக்ட் இணையத்தில் இருக்கும் ஒரு கணினியில் ஓடினால்தான் பொது முகவரி கிடைக்கும்.

அந்தக் கணினி லினக்ஸ். உங்கள் லேப்டாப் பெரும்பாலும் விண்டோஸ். முதல் நாள் பிரச்சினைகளில் பாதி இந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகின்றன.

விண்டோஸுக்கு `Login.html` என்பதும் `login.html` என்பதும் ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். லேப்டாப்பில் திறந்த பக்கம் சர்வரில் `TemplateNotFound` என்று நின்றால், கோப்பின் பெயரையும் நிரலில் எழுதிய பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். லோகோ படம் மட்டும் காணோமா? `Logo.PNG`, `logo.png` குழப்பமாக இருக்கும்.

அடுத்தது `requirements.txt`. தனிச் சூழல் எதுவும் உருவாக்காமல் `pip freeze` கொடுத்தால், உங்கள் கணினியில் என்றோ நிறுவியதெல்லாம் பட்டியலில் வந்துவிடும். அதில் `pywin32` போல விண்டோஸுக்கு மட்டுமே உரிய ஒன்று இருந்தால் லினக்ஸ் சர்வரில் நிறுவல் அங்கேயே நின்றுவிடும். நம் விடுதி ப்ராஜெக்ட்டுக்குத் தேவை நான்கே வரிகள்தான்:

```
flask
flask-sqlalchemy
gunicorn
psycopg2-binary
```

இதில் கூனிகார்ன் என்பது ஃபிளாஸ்க்கை சர்வரில் ஓட்டும் நிரல். அது விண்டோஸில் ஓடாது. அதனால் உங்கள் லேப்டாப்பில் முயன்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம், பட்டியலில் கையால் எழுதினால் போதும். கடைசி வரி எதற்கு என்பது சற்று நேரத்தில் புரியும்.

இப்போது நிரலை கிட்ஹப்பில் ஏற்றி, ரெண்டரில் புதிய வெப் சர்வீஸ் தொடங்கி, அந்தக் களஞ்சியத்தைத் தேர்ந்தெடுங்கள். பில்ட் கட்டளை `pip install -r requirements.txt`, ஸ்டார்ட் கட்டளை `gunicorn app:app`. இடம் கேட்கும்போது சிங்கப்பூரைத் தேர்ந்தெடுங்கள். இருப்பவற்றில் நமக்கு அருகில் உள்ளது அதுதான், பிறகு மாற்றவும் முடியாது.

ஸ்டார்ட் கட்டளையில் `python app.py` என்று கொடுத்தால் என்ன ஆகும்? ஃபிளாஸ்க் தன் வழக்கப்படி 127.0.0.1-இல் மட்டும் காத்திருக்கும், வெளியிலிருந்து யாராலும் அதைத் தொட முடியாது. லாக்கில் `no open ports detected` என்ற வாசகம் வரும். கூனிகார்ன் அப்படியில்லை. தளம் கொடுக்கும் `PORT` என்ற மாறியைத் தானே படித்து, வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை ஏற்கும்.

ஆனால் கூனிகார்னுக்கு மாறியதும் இன்னொரு பிழை தலைகாட்டும்: `no such table: user`. காரணம் எளிது. பலரும் அட்டவணைகளை உருவாக்கும் `db.create_all()` வரியை `if __name__ == "__main__":` என்பதன் உள்ளே எழுதியிருப்பார்கள். `python app.py` என்று ஓட்டினால்தான் அந்தப் பகுதி இயங்கும். கூனிகார்ன் உங்கள் கோப்பை இறக்குமதி செய்கிறது, அதனால் அந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. அந்த வரியை வெளியே எடுத்து வையுங்கள்.

நேற்று பதிவு செய்த தரவு எங்கே போச்சு?

இணைப்பு வந்துவிட்டது. நால்வரும் உட்கார்ந்து இருபது புகார்களைப் பதிவு செய்கிறார்கள். காலையில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. யாரும் ஹேக் செய்யவில்லை. இலவசத் தளம் மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

இலவச வெப் சர்வீஸின் கோப்பு அமைப்பு தற்காலிகமானது. சர்வர் மறுபடி தொடங்கினாலும், புதிய நிரலை ஏற்றினாலும், தூங்கி எழுந்தாலும், கிட்ஹப்பில் இருக்கும் நிலையிலிருந்துதான் மீண்டும் தொடங்கும். எஸ்க்யூலைட் தரவுத்தளம் என்பது வெறும் ஒரு கோப்பு. அதனால் அதுவும் போய்விடும். `hostel.db` கோப்பையும் சேர்த்து கிட்ஹப்பில் ஏற்றியிருந்தால் அறிகுறி வேறுமாதிரி இருக்கும்: நேற்றைய புகார்கள் இருக்காது, ஆனால் ஏற்றிய நாளில் இருந்த பழைய புகார்கள் அப்படியே திரும்பி வந்திருக்கும். இதைப் பார்த்து "டேட்டா பாதி வருது, பாதி வரல" என்று நிரலில் பிழை தேடி ஓர் இரவை வீணாக்காதீர்கள்.

தீர்வு, தரவை அந்தக் கணினிக்கு வெளியே வைப்பது. ரெண்டரிலேயே இலவச போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் ஒன்று கிடைக்கும். அதன் உள் முகவரியை எடுத்து, வெப் சர்வீஸின் சூழல் மாறிகளில் `DATABASE_URL` என்ற பெயரில் ஒட்டுங்கள். நிரலில் இப்படி மாற்றுங்கள்:

```python
import os
app.config["SQLALCHEMY_DATABASE_URI"] = os.environ.get(
    "DATABASE_URL", "sqlite:///hostel.db")
```

சர்வரில் போஸ்ட்கிரஸ், லேப்டாப்பில் எஸ்க்யூலைட். இரண்டிலும் அதே நிரல் ஓடும். நான்காவதாக நாம் எழுதிய `psycopg2-binary` பைதானை போஸ்ட்கிரஸோடு பேச வைப்பதற்குத்தான்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த இலவச தரவுத்தளத்தின் ஆயுள் 30 நாள். பிறகு அணுக முடியாது. அடுத்த 14 நாட்களுக்குள் கட்டணத் திட்டத்துக்கு மாறாவிட்டால் அழிக்கப்பட்டுவிடும். நம் குழு மார்ச் 2 அன்று, முதல் ரிவ்யூவுக்காக அதை உருவாக்கியது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 அன்று காலாவதி. வைவா ஏப்ரல் 10. ரிப்போர்ட் அச்சடித்து, பைண்டிங் முடித்து, இணைப்பையும் அதில் போட்டாகிவிட்டது. ஒன்பது நாட்களுக்கு முன்பே தரவுத்தளம் மூடிக்கிடப்பது யாருக்கும் தெரியாது.

அதனால் தேதியைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மார்ச் 25 வாக்கில் பழையதை நீக்கிவிட்டுப் புதிய தரவுத்தளத்தை உருவாக்கினால் ஏப்ரல் 24 வரை இருக்கும். வைவா பத்து நாள் தள்ளிப்போனாலும் கவலையில்லை. ஒரு கணக்கில் ஒரே சமயத்தில் ஓர் இலவச தரவுத்தளம்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பதால்தான் பழையதை முதலில் நீக்கச் சொல்கிறேன். முகவரி மாறும், `DATABASE_URL`-ஐயும் மாற்ற மறக்காதீர்கள்.

புதிய தரவுத்தளம் காலியாக இருக்குமே? அதற்குத்தான் மாதிரித் தரவை நிரலே நிரப்பும்படி எழுதி வைக்க வேண்டும்:

```python
with app.app_context():
    db.create_all()
    if User.query.count() == 0:
        seed_demo_data()
```

`seed_demo_data` என்பது நீங்கள் எழுத வேண்டிய சிறு செயற்கூறு. இரண்டு மாணவர், ஒரு வார்டன், பத்துப் பதினைந்து புகார்கள், அவற்றில் சில தீர்க்கப்பட்டவை, சில நிலுவையில் உள்ளவை. தேர்வாளர் திறக்கும்போது வெறும் பலகையைப் பார்க்க மாட்டார். தரவுத்தளம் எப்போது போனாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

புகைப்படங்களை மறந்துவிடாதீர்கள். தரவுத்தளத்தை வெளியே வைத்தாலும், `static/uploads` கோப்புறையில் சேமித்த படங்கள் தற்காலிகக் கணினியில்தான் இருக்கின்றன. புகார் இருக்கிறது, படத்தின் இடத்தில் மட்டும் உடைந்த சின்னம் தெரிகிறது என்றால் இதுதான் காரணம். முறையான வழி, கிளவுடினரி போன்ற படச் சேமிப்புச் சேவையில் ஏற்றுவது. நேரமில்லையென்றால், மாதிரிப் புகார்களுக்கான படங்களை மட்டும் கிட்ஹப்பிலேயே வைத்துவிடுங்கள். அவை எங்கும் போகாது. வைவாவில் நேரடியாக ஏற்றிக் காட்டும் படமும் அந்த அமர்வு முடியும்வரை இருக்கும், அதுவே போதும்.

அந்த ஒரு நிமிட வெள்ளைத் திரை

இப்போது முதல் காட்சிக்கு வருவோம். 15 நிமிடம் யாரும் திறக்காவிட்டால் இலவச வெப் சர்வீஸ் தூங்கிவிடும். அடுத்து யார் தட்டினாலும் எழுந்திருக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். இரவு முழுக்க தூங்கிய சர்வரை காலையில் முதலில் தட்டியவர் தேர்வாளர். உங்களுக்கு அது 'லோடு ஆகுது', அவருக்கு அது 'ஓடல'.

ரியாக்ட் முகப்பைத் தனியாகவும் பைதான் பின்புலத்தைத் தனியாகவும் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் ஏமாற்றும் விதத்தில் வரும். முகப்பு வெறும் கோப்புகள், தூங்காது. எனவே பக்கம் உடனே அழகாகத் திறக்கும். உள்நுழைவுப் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒரு நிமிடம் எதுவும் நடக்காது. தேர்வாளர் 'லாகின் வேலை செய்யல' என்று குறித்துக்கொள்வார். பக்கம் திறந்த உடனேயே பின்புலத்துக்கு ஒரு சின்ன கோரிக்கை அனுப்பி எழுப்பிவிடுங்கள், கூடவே 'சர்வர் தயாராகிறது, ஒரு நிமிடம்' என்று திரையில் எழுதுங்கள். காத்திருப்பது எதற்காக என்று தெரிந்தால் மனிதர்கள் காத்திருப்பார்கள்.

தூங்கவே விடாமல் வைக்க முடியாதா? முடியும். அப்டைம்ரோபோ போன்ற கண்காணிப்புச் சேவையில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும். ஆனால் கணக்கு ஒன்று உண்டு. ரெண்டர் ஒரு கணக்குக்கு மாதம் 750 மணி நேரம்தான் இலவசமாகத் தருகிறது. 31 நாள் மாதத்தில் 744 மணி நேரம். ஒரே ஒரு சர்வீஸ் என்றால் மாதம் முழுக்க விழித்திருக்கலாம், ஆறு மணி நேரம் மீதம். இரண்டு வெப் சர்வீஸ்களை விழித்திருக்க வைத்தால் 16-ஆம் தேதி வாக்கில் நேரம் தீர்ந்துவிடும். பிறகு அடுத்த மாதம் பிறக்கும் வரை இரண்டுமே நிறுத்தி வைக்கப்படும். வைவா 20-ஆம் தேதி என்றால் அது தூக்கம் அல்ல, முழு நிறுத்தம்.

ஆகவே மாதம் முழுக்கத் தட்ட வேண்டாம். வைவாவுக்கு முந்தைய நாள் மாலை கண்காணிப்பை இயக்குங்கள், முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். பழைய செமஸ்டரில் செய்த ப்ராஜெக்ட் அதே கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள், அதுவும் இதே 750 மணி நேரத்தைத்தான் தின்கிறது.

மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட் என்றால்?

512 எம்பி ரேமில் டென்சர்ஃப்ளோ, பைடார்ச் போன்ற நூலகங்களோடு ஒரு மாடலையும் ஏற்றுவது சிரமம். லேப்டாப்பில் 8 ஜிபி இருந்ததால் இது தெரிந்திருக்காது. சர்வரில் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் நினைவகம் போதாமல் நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நிற்கும். அங்கே போராடுவதைவிட, ஹக்கிங் ஃபேஸ் ஸ்பேசஸுக்கு மாறுவது நல்லது. அதன் இலவச சிபியு திட்டத்தில் 16 ஜிபி ரேம் இருக்கிறது. அதுவும் தூங்கும், ஆனால் 48 மணி நேரம் யாரும் தொடாவிட்டால்தான்.

தேர்வாளருக்கு எதை, எப்படிக் கொடுப்பது?

இணைப்பை மட்டும் கொடுத்தால் அவர் உள்நுழைவுப் பக்கத்திலேயே நின்றுவிடுவார். தேர்வாளருக்கென்று இரண்டு கணக்குகளை உருவாக்குங்கள்: ஒன்று மாணவர், ஒன்று வார்டன். பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டையும் இணைப்புக்குக் கீழேயே எழுதுங்கள். போனில் தட்டச்சு செய்யப் போகிறார் என்பதை நினைவில் வைத்து, எளிதான சொல்லாக வையுங்கள். உங்கள் சொந்த நிர்வாகக் கணக்கைக் கொடுக்க வேண்டாம். அச்சிட்ட ரிப்போர்ட்டில் நீண்ட முகவரி இரண்டு வரியாக உடையும். அருகில் ஒரு க்யூஆர் குறியீட்டையும் போடுங்கள், அச்சிட்ட பிறகு அதை உங்கள் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

இன்னொரு வரியும் எழுதுங்கள்: 'இலவச சர்வரில் ஓடுகிறது. முதல்முறை திறக்க ஒரு நிமிடம் ஆகலாம்.' இதை முன்னாலேயே சொன்னால் அது தெரிந்து எடுத்த முடிவு. பிறகு சொன்னால் சாக்குப்போக்கு.

கிட்ஹப் இணைப்பையும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கடவுச்சொற்களும் ஏபிஐ கீகளும் நிரலில் இருக்கக் கூடாது. `.env` கோப்பு ஏற்கெனவே ஏறியிருந்தால், இப்போது நீக்கினாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். அந்தக் கீயை ரத்து செய்துவிட்டுப் புதியது எடுப்பது ஒன்றே வழி.

வைவாவுக்கு முந்தைய நாள் மாலை, தளத்தின் அமைப்புகளில் ஆட்டோ-டிப்ளாயை நிறுத்துங்கள். இல்லையென்றால் குழுவில் ஒருவர் இரவு 2 மணிக்கு "சின்ன கலர் சேஞ்ச்தான்" என்று கமிட் செய்ய, அது நேராக இணைப்பில் போய் உட்காரும்.

காலை 10 மணிக்கு முன்

நம் விடுதிக் குழுவின் ஏப்ரல் 10 காலை இப்படி இருக்க வேண்டும். 9:30-க்கு ஒருவர், இதுவரை அந்தத் தளத்தில் உள்நுழையாத ஒரு போனை எடுத்து, கல்லூரி வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், மறைநிலைச் சாளரத்தில் இணைப்பைத் திறக்கிறார். ஏன் மறைநிலை? உங்கள் உலாவி உங்களை ஏற்கெனவே உள்ளே விட்டிருக்கும், தேர்வாளர் பார்க்கப்போவதை அது காட்டாது. ரிப்போர்ட்டில் உள்ள கடவுச்சொல்லையே தட்டச்சு செய்து, ஒரு புகாரைப் பதிவு செய்து, வார்டனாக நுழைந்து அதை முடித்துவைக்கிறார். பிறகு அதையே கல்லூரி வைஃபையில் ஒருமுறை செய்கிறார். சில கல்லூரி வலையமைப்புகள் பழக்கமில்லாத முகவரிகளைத் தடுத்துவிடும். அப்படித் தடுத்தால் ஹாட்ஸ்பாட் வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இதற்கும் மேலே ஒரு பாதுகாப்பு: லேப்டாப்பில் அதே நிரல் எஸ்க்யூலைட்டோடு ஓடத் தயாராக இருக்கட்டும். முழுப் பயன்பாட்டையும் காட்டும் இரண்டு நிமிடத் திரைப்பதிவு ஒன்றும் போனிலேயே சேமிக்கப்பட்டிருக்கட்டும். சர்வர், மின்சாரம், நெட் எது போனாலும் காட்ட ஏதாவது இருக்கும்.

வைவா முடிந்த பிறகும் ஒரு தேதி பாக்கி. ஏப்ரல் 24 அன்று அந்த தரவுத்தளம் காலாவதியாகும். அந்த இணைப்பை ரெஸ்யூமேயில் போட்டிருந்தால், நேர்காணல் எடுப்பவர் மே மாதம் தட்டும்போது என்ன பார்ப்பார் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்: தரவுத்தளத்தைப் புதுப்பிக்கப் போகிறீர்களா, அல்லது இணைப்பை எடுத்துவிட்டு அந்த இரண்டு நிமிடத் திரைப்பதிவைப் போடப் போகிறீர்களா?